சொன்ன சொல்லைத் திரும்ப எடுப்பது எப்படி?

கேள்வி: கல்யாணத்தப்போ என் மனைவி 54 கிலோ. நாலு வருஷத்தில் 69 ஆகிவிட்டாள். உயரம் 5 அடி 2 அங்குலம். பையனுக்கு 20 மாதம். முட்டி வலி, அசதி என்று அடிக்கடி சொல்கிறாள். போன மாதம் என் அக்கா வீட்டு விசேஷத்தில், "இவளுக்கு மட்டும் ரெண்டு சேர் போடுங்க" என்று விளையாட்டாகச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து ராத்திரி சாப்பிடுவதில்லை, எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப்பட்டறை வைத்திருக்கிறேன், வீடு திரும்ப இரவு 10 ஆகும். வரும்போது புரோட்டாவோ தட்டுவடை செட்டோ வாங்கிக்கொண்டுதான் வருகிறேன், ஒரு குறையும் வைக்கவில்லை. அவள் நன்மைக்குத்தான் சொல்கிறேன். மனம் நோகாமல் எடுத்துச் சொல்வது எப்படி?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: எடுத்துச் சொல்ல உங்களிடம் புதிதாக எதுவும் இல்லை. எடை கூடியது உங்கள் மனைவிக்கு உங்களுக்கு முன்பே தெரியும். ரவிக்கையின் உள்தையலைப் பிரிக்கும் ஒவ்வொரு முறையும் தெரிந்திருக்கும். விசேஷத்தில் அவர் தெரிந்துகொண்டது வேறு: நாலு பேர் சிரிப்பதற்காகக் கட்டிய கணவனே தன்னை விட்டுக்கொடுப்பார் என்பது. அந்தக் காயம் அப்படியே இருக்கும்போது எவ்வளவு மென்மையாகப் பேசினாலும் காதில் விழப்போவது அந்த 'ரெண்டு சேர்'தான். அதனால் முதல் வேலை மன்னிப்புக் கேட்பது.

பையன் தூங்கிய பிறகு, டிவி ஓடாத நேரத்தில், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். "அக்கா வீட்ல எல்லார் முன்னாடியும் உன் உடம்பச் சொல்லிச் சிரிக்க வச்சேன். அது தப்பு. இனிமே அப்படிச் செய்ய மாட்டேன்." இவ்வளவு போதும். "விளையாட்டுக்குத்தான் சொன்னேன்" என்றால் புண்பட்டது அவர் குற்றமாகிவிடும். "தப்புதான், ஆனா..." என்று இழுத்தால், அந்த 'ஆனா'வுக்கு முன்னால் சொன்னது அத்தனையும் வீண். அவர் அழலாம், முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், பேசாமலே இருக்கலாம். அமைதியாக இருப்பதைச் சமாதானம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். நாலு பேர் முன்னால் சொன்னதை நாலு பேருக்குத் தெரியும்படிதான் திரும்ப எடுக்க முடியும். எனவே மறுநாள் அக்காவுக்குப் போன் செய்து, "நான் அன்னிக்குப் பேசினது சரியில்ல. நீங்க யாரும் அதத் திருப்பிச் சொல்லாதீங்க" என்று சொல்லிவிடுங்கள். அதன் பிறகு இரண்டு வாரமாவது எடை, சாப்பாடு, நடைப்பயிற்சி என்ற பேச்சையே எடுக்காதீர்கள். உடனே எடுத்தால், மன்னிப்பே அதற்குப் போட்ட முன்னுரை என்று அவருக்குத் தோன்றும்.

இந்த இரண்டு வாரத்தில் உங்களை நீங்களே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இதே முட்டி வலி, இதே அசதி 54 கிலோவில் வந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருப்பீர்களா? கவலை அவர் உடல்நலத்தைப் பற்றியதாக இருக்கலாம், தோற்றத்தைப் பற்றியதாக இருக்கலாம், இரண்டும் கலந்தும் இருக்கலாம். மனைவியின் தோற்றம் மாறியது மனதில் படுவது பாவமில்லை. அதற்கு ஆரோக்கியம் என்று பெயர் மாற்றிக் கொண்டுபோய் நிற்பதுதான் தவறு. பெண்கள் அதை ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவார்கள், பிறகு நிஜமான உடல்நலப் பேச்சையும் நம்ப மாட்டார்கள். பழைய நெருக்கம் குறைந்ததுதான் உங்கள் ஏக்கம் என்றால், அவர் உடலைக் குறை சொல்லாமலே அதைச் சொல்ல முடியும். "நாம ரெண்டு பேரும் ஏற்காடு போய் வருஷக்கணக்காச்சு, ஒருநாள் போயிட்டு வரலாமா?" என்பதில் அந்த ஏக்கம் முழுவதும் இருக்கிறது.

உடல்நலப் பேச்சைத் தொடங்க அவரே உங்களுக்கு வழி கொடுத்திருக்கிறார். முட்டி வலி, அசதி என்று சொல்லியிருக்கிறார். அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

"முட்டி வலிக்குதுன்னு பல தடவ சொல்லிட்ட, நான் காதுல வாங்கல. அதப்பத்தி இப்பப் பேசலாமா, இன்னொரு நாள் பேசிக்கலாமா?"

"எதுக்குங்க? குண்டாயிட்டேன்னு மறுபடியும் சொல்லத்தானே?"

இந்த இடத்தில்தான் பல கணவர்கள் சறுக்குகிறார்கள். "சேச்சே, நீ அப்படியேதான் இருக்க" என்றால் அது பொய் என்று இருவருக்கும் தெரியும். "ஆமா, கொஞ்சம் குறைச்சா நல்லதுதானே" என்றால் விசேஷ வீட்டுக்கே திரும்பிப் போய்விடுவீர்கள். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: "உடம்பு மாறியிருக்கு, என் உடம்பும்தான் மாறியிருக்கு. நான் இப்பக் கேக்கறது உன் வலியப்பத்தி." இன்னொரு நாள் என்று அவர் சொன்னால் அன்றைக்கு அதோடு விட்டுவிடுங்கள். கல்யாண ஆல்பத்தை எடுக்காதீர்கள். அண்ணியை, பக்கத்து வீட்டுப் பெண்ணை ஒப்பிடாதீர்கள். நம் பாட்டிமார் 'பூசினாப்ல இருக்கா' என்று பாராட்டாகவே சொல்வார்கள். இன்று அந்தச் சொல்லும் பல பெண்களுக்குக் குத்துகிறது, அதையும் தவிர்த்துவிடுங்கள்.

டாக்டரிடம் போவதும் அசதிக்காகவே இருக்கட்டும். பிரசவத்துக்குப் பிந்தைய முதல் வருடத்தில் சிலருக்குத் தைராய்டு சுரப்பி பாதிக்கப்பட்டு வேலை மந்தமாகிவிடும். அசதி, முடி கொட்டுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை எல்லாம் அதனால் வரலாம். ஒரு டிஎஸ்ஹெச் ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். கூடவே ஹீமோகுளோபினும் சர்க்கரையும் பார்த்துவிடுங்கள். கர்ப்ப காலத்தில் சர்க்கரை இருந்திருந்தால் வருடம் ஒருமுறை பார்ப்பது அவசியம். மாதவிலக்கு தள்ளிப்போவது, தாடையில் முடி, கழுத்தில் கருமை இருந்தால் அதையும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசி போட்டிருந்தால் அதையும் டாக்டரிடம் அவரே சொல்லட்டும். அறைக்குள் அவருக்காக நீங்கள் பதில் சொல்லாதீர்கள். தைராய்டு குறைவு மட்டுமே 15 கிலோ கூட்டிவிடாது, பெரும்பாலும் சில கிலோதான். அதனால் ரிசல்ட் நார்மலாக வந்தால் "பாத்தியா, எல்லாம் சாப்பாடுதான்" என்று தீர்ப்பு எழுத வேண்டாம். அதே நாளில் உங்களுக்கும் சர்க்கரை, கொழுப்பு பார்த்துக்கொள்ளுங்கள். மூச்சை விட்டபின், கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் டேப் வைத்து முதலில் உங்கள் வயிற்றை அளந்து பாருங்கள். நம் நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 தாண்டினால் கவனிக்க வேண்டும் என்பது கணக்கு. அவர் இடுப்பை அளக்கும் வேலையை அவருக்கும் டாக்டருக்கும் விட்டுவிடுங்கள்.

இனி உங்கள் வீட்டுக் கடிகாரத்துக்கு வருவோம். கணவன் 10 மணிக்கு வந்தால் மனைவி சாப்பிடப் பத்தரை ஆகும் என்பதுதான் பல வீடுகளின் வழக்கம். ஏழு மணிக்குப் பையன் மிச்சம் வைத்தது, எட்டு மணிக்குப் பசிக்கு நாலு முறுக்கு, பத்தரைக்கு நீங்கள் வாங்கிவந்த புரோட்டா என்று போகும். இப்போது உங்கள் சொல்லால் அந்தச் சாப்பாட்டையும் நிறுத்திவிட்டார். இரவு பட்டினி கிடப்பவர்களில் பலர் விளக்கணைந்த பிறகு அடுக்களையில் தனியாக நின்று அவசரமாகத் தின்பார்கள், அந்தக் குற்ற உணர்வில் மறுநாள் மறுபடி பட்டினி கிடப்பார்கள். அவமானப்பட்டு யாரும் நிலையாக இளைப்பதில்லை என்பதற்கு இந்தச் சுழல் முக்கியமான காரணம். "ஏன் சாப்பிடல?" என்று அதட்டாமல், அவர் பையனோடு ஏழரைக்கே சாப்பிட வழி செய்யுங்கள். நீங்கள் வந்து நீங்களே போட்டுச் சாப்பிடுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஏற்பாட்டை அவர்களிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும், அவர் சொன்னால் அது வேறு சண்டையாகும். பார்சலை வாரம் ஒருநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அன்றைக்குச் சீக்கிரம் வந்து சேர்ந்து சாப்பிடுங்கள்.

காலையில் ஐந்தே முக்காலிலிருந்து ஆறரை வரை பையன் உங்கள் பொறுப்பு. அந்த முக்கால் மணி நேரம் முழுக்க அவருடையது. காந்தி ஸ்டேடியத்தில் நடக்கலாம், மொட்டை மாடியில் நடக்கலாம், தூங்கவும் தூங்கலாம். கைக்குழந்தைக்காரிக்குத் தூக்கம் குறைந்தால் பசி கூடும், அதனால் தூங்கினாலும் அது வீணில்லை. "இன்னிக்கு நடந்தியா?" என்று மட்டும் கேட்காதீர்கள், கேட்ட அன்றே அது உங்கள் நேரமாகிவிடும். உடல் எடையைக் குறைப்பது என்று அவரே முடிவு செய்தால், டாக்டர்கள் முதலில் வைக்கும் இலக்கு எடையில் ஐந்து சதவீதம்தான். 69 கிலோவில் அது மூன்றரை கிலோ. வாரத்துக்கு அரைக் கிலோவுக்கு மேல் அவசரப்படக் கூடாது என்பதால் இரண்டு, மூன்று மாதம் பிடிக்கும். சர்க்கரைக்கும் முட்டிக்கும் அதுவே ஆறுதல். ஆனால் வெளித்தோற்றத்தில் பெரிய மாற்றம் தெரியாது, அதற்காக நீங்கள் முகம் சுருக்கக் கூடாது. தெரிந்தாலும் "இளைச்சுட்டியே, இப்பத்தான் நல்லாருக்க" என்று பாராட்ட வேண்டாம். இத்தனை நாள் நன்றாக இல்லை என்பதுதான் அதன் மறுபாதி. "இப்பல்லாம் முட்டி எப்படி இருக்கு?" என்று கேளுங்கள்.

சில அறிகுறிகளைப் பார்த்தால் காத்திருக்காதீர்கள். சாப்பிட்டதும் குளியலறைக்குப் போய் வாந்தி எடுப்பது, குழந்தை தூங்கும்போதும் தூக்கம் வராமல் கிடப்பது, எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் சோர்ந்திருப்பது, "நான் எதுக்கு இருக்கேன்" என்று சொல்வது. உயிரைப் பற்றிய பேச்சு வந்தால் அன்றைக்கே மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

விசேஷங்களுக்கு வர மறுப்பதில் உங்கள் சொல்லோடு இன்னொரு காரணமும் இருக்கக்கூடும்: பட்டுப்புடவைக்குப் பொருந்துகிற ரவிக்கை ஒன்றுகூட இல்லாமல் இருக்கலாம், அதை உங்களிடம் சொல்லக் கூச்சப்பட்டிருக்கலாம். அடுத்த விசேஷத்துக்குப் பதினைந்து நாள் முன்னதாகவே, "புது ரவிக்கை ரெண்டு தச்சுக்கலாமே" என்று சொல்லிப் பணத்தைக் கொடுங்கள். பழைய அளவு ரவிக்கையைக் கொடுக்காமல், டெய்லரிடம் புதிதாக அளவு கொடுத்துத் தைக்கட்டும். அவர் கடையில் இருக்கும் நேரம் முழுக்கப் பையனை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.