பழைய கானில் எத்தனை கனவளவு மிச்சம்?

கேள்வி: ஐயா, செங்கலடியில் இறைச்சிக்கோழி வளர்க்கிறேன். கோழிகளை விற்று கூடு காலியானதும் நிப்பிள் குழாய்களை ஐதரசன் பேரொட்சைட்டால் கழுவுவது வழக்கம். 100 கனவளவு என்று எழுதிய கான் ஓராண்டாகத் தகரக் கொட்டிலில் கிடக்கிறது. வழக்கம்போல 100 லீற்றர் தண்ணீருக்கு ஒரு லீற்றர் கலந்தும் இம்முறை குழாயின் வழுவழுப்புப் போகவில்லை. பாடசாலை ஆய்வுகூடத்தில் பரமங்கனேற்றால் அளந்து பார்க்கலாம் என்று உயர்தரம் படிக்கும் மகள் சொல்கிறாள். அதை நம்பி அளவைக் கூட்டலாமா?

பதில்: நம்பலாம் தம்பி. 100 கனவளவு என்றால் ஒரு லீற்றர் கரைசல் சிதைந்து 100 லீற்றர் ஒட்சிசனைத் தரும் என்று பொருள். ஆனால் பரமங்கனேற்றின் செறிவை முதலில் மகள் சரிபார்க்க வேண்டும். லீற்றருக்கு 3.16 கிராம் கரைத்தால் 0.02 M என்று புத்தகம் சொல்லும். கரைசலோ தண்ணீரிலுள்ள அழுக்கோடு தாக்கமுற்று நாளடைவில் வலுக்குறையும். அதனால் நிறுத்த எடையை நம்பாமல் சோடியம் ஒட்சலேற்றைக் கொண்டு நியமிக்க வேண்டும்; அதாவது இளஞ்சிவப்பு நிலைக்கும் வரை பரமங்கனேற்றை அளவியிலிருந்து துளித்துளியாக விட்டு, எவ்வளவு சென்றது என்று பார்க்க வேண்டும். 1.675 கிராமைக் கரைத்து 250 மில்லிலீற்றராக்கி, அதில் 25 மில்லிலீற்றரைக் குழாயியால் எடுத்து, ஐதான சல்பூரிக்கமிலம் சேர்த்து, 60 முதல் 70 பாகை வரை சூடாக்கி நியமிக்கட்டும். முதல் துளிகளின் நிறம் மெதுவாகத்தான் மறையும். தாக்கத்தை ஊக்கும் மங்கனீசு அயன் உருவானதும் வேகம் பிடித்துவிடும். 26.0 மில்லிலீற்றர் சென்றால் பரமங்கனேற்றின் உண்மைச் செறிவு 0.0192 M.

அடுத்தது உங்கள் கான். அதை அப்படியே நியமித்தால் அளவி போதாது. 5 மில்லிலீற்றரை 500 ஆக்கி நூறு மடங்கு ஐதாக்க வேண்டும். வாயால் உறிஞ்சக் கூடாது; தோலில் பட்டால் வெளுத்து எரியும். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். அதில் இரும்பு இருந்தால் பேரொட்சைட்டு குடுவையிலேயே சிதைந்துவிடும். காய்ச்சி வடித்த நீரே சரி.

ஐதாக்கியதில் 20 மில்லிலீற்றர் எடுத்து, அதே அளவு 1 M சல்பூரிக்கமிலம் ஊற்றி, சூடாக்காமல் நியமிக்க வேண்டும். ஒட்சலேற்றைச் சூடாக்கிய கையோடு இதையும் அடுப்பில் வைத்துவிடுவது நான் அடிக்கடி காணும் பிழை. சூட்டில் பேரொட்சைட்டு சிதைந்து, நல்ல கானும் கெட்டதாகத் தெரியும். அமிலம் குறைந்தால் கபில நிறக் கலங்கல் தோன்றும். அது மங்கனீசு ஈரொட்சைட்டு. பேரொட்சைட்டை அதுவே வேகமாகச் சிதைக்கும். கலங்கல் கண்டால் அந்த அளவீட்டை ஊற்றிவிட்டு மீண்டும் தொடங்குங்கள். ஐதரோகுளோரிக்கமிலத்தைப் பாவிக்கவே கூடாது. பரமங்கனேற்று அதையும் ஒட்சியேற்றுவதால் கணக்குக் கூடிவிடும். வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிலைத்தால் அதுவே முடிவுப்புள்ளி. மூன்று முறை செய்து, ஒன்றோடொன்று ஒத்துவரும் வாசிப்புகளின் சராசரியை எடுங்கள்.

சராசரி 24.7 மில்லிலீற்றர் என்று வைத்துக்கொள்வோம். சமன்பாடு இது:

```
2MnO4⁻ + 5H2O2 + 6H⁺ → 2Mn²⁺ + 5O2 + 8H2O
```

24.7 ஐ 0.0192 ஆல் பெருக்கினால் பரமங்கனேற்று 0.474 மில்லிமூல். இரண்டுக்கு ஐந்து என்பதால் அதை இரண்டரையால் பெருக்க, பேரொட்சைட்டு 1.19 மில்லிமூல். இது 20 மில்லிலீற்றரில் இருந்தது, ஆகவே 0.0593 M. நூறு மடங்கு ஐதாக்கியதால் கானில் இருப்பது 5.93 M.

இதைக் கானில் எழுதியுள்ள மொழிக்கு மாற்ற 11.2 ஆல் பெருக்குங்கள். இரண்டு மூல் பேரொட்சைட்டு சிதைந்தால் ஒரு மூல் ஒட்சிசன், அதாவது 0 பாகையிலும் ஒரு வளிமண்டல அமுக்கத்திலும் 22.4 லீற்றர் வரும். ஆகவே 1 M கரைசலின் ஒரு லீற்றர் 11.2 லீற்றர் ஒட்சிசனைத் தரும். உங்கள் கானுக்கு 66 கனவளவு வருகிறது. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. பரமங்கனேற்றை நியமிக்காமல் 0.02 M என்றே எடுத்திருந்தால் 69 வந்திருக்கும்.

ஒரு எல்லையைச் சொல்ல வேண்டும். கடைச் சரக்கில் நிலைப்படுத்தும் சேதனப் பொருள் இருந்தால் அதுவும் பரமங்கனேற்றை உண்ணும். வாசிப்பு உண்மையைவிடச் சற்றுக் கூடும். இளஞ்சிவப்பு நிலைக்காமல் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டே போனால் அதையே சந்தேகியுங்கள். வினாகிரி மணக்கும் பேரசற்றிக்கமிலக் கலவைகளுக்கு இந்த ஒரு நியமிப்புப் போதாது.

வாசிப்பு மேலே சொன்னதுபோல் வந்தால், 100 லீற்றருக்கு ஒன்றுக்குப் பதில் ஒன்றரை லீற்றர் ஊற்றுங்கள். மகளின் அளவீட்டில் வேறு எண் வந்தால், 100 ஐ அந்தக் கனவளவால் வகுத்து வருவதே ஊற்றவேண்டிய லீற்றர். மிச்சத்தைத் தகரக் கொட்டிலிலிருந்து எடுத்து நிழலான, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். காற்றுப் போகும் மூடியைக் கழற்றிவிட்டு வேறு மூடியால் இறுக்கி அடைக்காதீர்கள். சிதைந்து வரும் ஒட்சிசன் கானை ஊதிப் பிளந்துவிடும்.