640 பேர் பார்த்தார்கள், 4 பேர் வந்தார்கள்: வீடு எந்தப் படியில் நின்றுவிட்டது?

சிங்கப்பூரின் வடக்குப் பக்கத்தில் வீடு வாடகைக்கு விட்டுக்கொடுக்கும் வேலையில் 14 வருடம் இருந்தேன். இப்போது விட்டுவிட்டேன், ஆனாலும் காப்பிக்கடையில் உட்கார்ந்தால் என் வீடு ஏன் வாடகைக்குப் போகவில்லை என்ற இதே கேள்விதான் வருகிறது. கேட்டவர்களுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

ஈசூன்காரர்: அண்ணே, என் நாலறை வீவக வீடு ஆறு வாரமாகக் காலி. 3,300 வெள்ளி போட்டிருக்கிறேன். விளம்பரத்தை 640 பேர் பார்த்ததாகக் காட்டுகிறது. 31 பேர் வாட்ஸ்அப்பில் கேட்டார்கள், 4 பேர்தான் நேரில் வந்தார்கள். ஏஜென்ட் 200 வெள்ளி குறைக்கச் சொல்கிறார். குறைக்கட்டுமா?

இப்போதைக்குக் கை வைக்காதீர்கள். வாடகை ஒத்துவராத ஆள் பெரும்பாலும் உங்களிடம் பேசவே மாட்டார். படத்தைப் பார்த்துவிட்டு, தொகையைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார். 3,300 என்று தெரிந்தும் 31 பேர் மெனக்கெட்டுச் செய்தி தட்டியிருக்கிறார்கள் என்றால் அந்தத் தொகை அவர்களைத் துரத்தவில்லை. ஓட்டை அதற்குப் பிறகுதான். 31 எப்படி 4 ஆனது?

அந்த 31 உரையாடலையும் ஒவ்வொன்றாகத் திறந்து, கடைசியாக யார் என்ன சொன்னதோடு பேச்சு நின்றது என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். அரை மணி நேர வேலைதான்.

*(மறுநாள் அனுப்பினார்.)*

இரண்டு பேர் வாடகைக்கு வர வந்தவர்களே இல்லை, வேறு ஏஜென்டுகள். மீதி 29. அதில் 14 பேர் இந்தியா, மியன்மார், பிலிப்பீன்ஸிலிருந்து வந்து வேலை பார்ப்பவர்கள். அவர்களுக்கு நீங்கள் கொடுத்த பதில் ஒன்றேதான்: "சாரி, கோட்டா ஃபுல்." 7 பேர் வார நாளில் சாயங்காலம் வரலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஞாயிறு 2 மணியிலிருந்து 4 மணி வரைதான் என்று சொல்லியிருக்கிறீர்கள். 4 பேருக்கு அடுத்த நாள்தான் பதில் போயிருக்கிறது, அதற்குள் அவர்கள் வேறு வீடு பார்க்கப் போய்விட்டார்கள். மிச்சம் 4 பேர் வந்தவர்கள்.

பாதிப் பேர் விழுந்த இடம் அந்தக் கோட்டாதான். முழு வீட்டையும் வாடகைக்கு விடும்போது, குடிமக்கள் அல்லாதவர்களுக்கு வீவக ஒரு வரம்பு வைத்திருக்கிறது: வட்டாரத்தில் 8 விழுக்காடு, புளோக்கில் 11 விழுக்காடு. நிரந்தரவாசிகளும் இதில் சேர்வார்கள், மலேசியர்களுக்கு மட்டும் விலக்கு. நிறைந்துவிட்டால் முழு வீட்டைச் சிங்கப்பூரருக்கோ மலேசியருக்கோதான் விடலாம். ஓர் அறையை மட்டும் விடுவதற்கு இந்த வரம்பு கிடையாது. உங்கள் புளோக் எந்த நிலையில் இருக்கிறது என்று வீவக இணையத்தளத்தில் பார்க்கலாம். அது மாறிக்கொண்டே இருக்கும், அதனால் போன மாதம் பார்த்ததை நம்பாதீர்கள்.

இப்போது 200 வெள்ளி குறைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த 14 பேர் 25 பேர் ஆகியிருப்பார்கள். உங்களுக்குக் கிடைப்பது இன்னும் பதினோரு பேரிடம் சாரி சொல்லும் வேலை.

விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதுங்கள்: வீவக ஒதுக்கீடு நிறைந்ததால் இப்போது சிங்கப்பூரர், மலேசியருக்கு மட்டுமே முழு வீடாக விட முடியும். இன்னாருக்கு இல்லை என்று ஒதுக்குவது வேறு, சட்ட வரம்பைச் சொல்வது வேறு. அந்தக் காரணம் எழுத்தில் தெரிய வேண்டும். சாவியை நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து, வாரத்தில் இரண்டு சாயங்காலம் கதவைத் திறக்கச் சொல்லுங்கள்.

செங்காங் அக்கா: தம்பி, எனக்கு அவ்வளவு தூரமே வரவில்லை. நாலறை வீடு, எம்ஆர்டி பக்கம்தான். மூன்று வாரத்தில் 70 பேர்தான் பார்த்திருக்கிறார்கள். படம் சரியில்லையோ?

உள்ளே இருக்கிற படங்களை அவர்கள் பார்க்கவே இல்லை, அக்கா. தேடல் பட்டியலில் தெரிவது முதல் படமும் வாடகையும் ஊரும்தான். அந்தப் பட்டியலில் உங்கள் வீடு வருகிறதா என்று முதலில் பாருங்கள். உங்கள் மகள் கைப்பேசியில், உங்கள் கணக்கு இல்லாமல், வாடகைக்கு வருகிறவர் போல நீங்களே தேடுங்கள். செங்காங், 3 படுக்கையறை, 3,500 வெள்ளி வரை.

*(அக்கா எழுதினார்: "வரவே இல்லை தம்பி!")*

நினைத்தேன். விளம்பரத்தைத் திறந்து படுக்கையறை எண்ணிக்கை எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று பாருங்கள். 4 தானே? நாம் நாலறை என்று சொல்வதில் கூடமும் ஓர் அறைக் கணக்கு. படுக்கையறை மூன்றுதான். நீங்கள் 4 என்று போட்டதும் வீடு நாலு படுக்கையறை தேடுகிறவர்கள் முன்னால் போய் நின்றுவிட்டது. அவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் தாண்டிவிடுவார்கள். மூன்று படுக்கையறை தேடும் குடும்பத்துக்கு உங்கள் வீடு என்று ஒன்று இருப்பதே தெரியாது. எனக்குத் தெரிந்து வீட்டுக்காரர்கள் தாங்களே போடும் விளம்பரத்தில் அடிக்கடி வரும் பிழை இது.

இன்னொன்று. 3,520 வெள்ளி என்று போட்டிருக்கிறீர்கள். 3,500க்கு மேல் வேண்டாம் என்று தேடுகிறவருக்கு அந்த 20 வெள்ளியும் சுவர்தான்.

பத்து வருட ஏஜென்ட்: எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? வாடகையைக் குறைத்தால் எந்த வீடும் போகும். சந்தை என்றால் அதுதான்.

பாதி சரி. நிறையப் பேர் பார்க்கிறார்கள், யாரும் கேட்கவில்லை என்றால் நானும் முதலில் வாடகையைத்தான் சந்தேகப்படுவேன். அதே புளோக்கில், அதே அளவு வீடு 150 வெள்ளி குறைவாகப் பக்கத்திலேயே தெரியும்போது உங்களை யார் கேட்பார்கள்? ஆனால் அக்கா வீட்டில் 500 வெள்ளி குறைத்தாலும், மூன்று படுக்கையறை தேடுகிறவருக்கு அது தெரியப்போவதில்லை. போதுமான அளவு குறைத்தால் எதுவும் போகும் என்பது உண்மைதான். அந்தக் குறைப்பு உங்கள் பையிலிருந்து போவதில்லை என்பதும் உண்மைதானே?

வாடகைக்குத் தேடும் தம்பி: அண்ணே, என் கதை வேறு. நான்தான் வீடு தேடுகிறேன். 15 இடத்தில் கேட்டேன். என் பெயரைப் பார்த்ததும் பதில் நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

இங்கே வீட்டுக்காரர் கணக்கைப் பேசிக்கொண்டிருக்கிறோம், இருந்தாலும் கேட்டதற்குச் சொல்கிறேன். முதல் செய்தியிலேயே எத்தனை பேர், என்ன பாஸ், எந்தத் தேதியிலிருந்து, எத்தனை வருடம் என்று போட்டுவிட்டு, புளோக்கில் கோட்டா இருக்கிறதா என்றும் கேளுங்கள். கோட்டா இல்லை என்பவர்கள் தனியாகக் கழிந்துவிடுவார்கள். அதற்குப் பிறகும் மௌனம் என்றால், தம்பி, சில வீடுகளில் நீங்கள் நினைப்பதுதான் காரணம். சமையல் வாசனை என்பார்கள், குடும்பம் வேண்டும் என்பார்கள். நான் வேலை பார்த்த காலத்தில் நேரிலேயே கேட்டிருக்கிறேன். எந்தக் கணக்குப் போட்டாலும் அது சரியாகாது. ஆனால் வீட்டுக்காரர்கள் ஒன்றைக் கவனிக்கலாம்: "கேட்டார், வரவில்லை" என்ற வரிசையில் கிடப்பவர்களில் இந்தத் தம்பி மாதிரி ஆளும் இருப்பார். அந்தப் பேச்சை முடித்தது அவரா, நீங்களா?

பாசிர் ரிஸ்காரர்: எனக்கு எல்லாம் நன்றாகவே நடக்கிறது. கூட்டுரிமை வீடு, நாலு மாதமாகக் காலி. 11 பேர் நேரில் வந்து பார்த்தார்கள். ஒருவர்கூட இந்த வாடகைக்கு எடுக்கிறேன் என்று சொல்லவில்லை.

அப்படியானால் விளம்பரத்தை விடுங்கள், வீட்டுக்குள் போவோம். வந்தவர்கள் எத்தனை நிமிடம் இருந்தார்கள்? சமையலறை அலமாரியைத் திறந்து பார்த்து, கட்டில் போடுமிடத்தைக் கையால் அளக்கிறவருக்கு வீடு பிடித்திருக்கிறது, அவர் தயங்குவது வாடகையில். ஐந்து நிமிடத்தில் திரும்பிவிட்டால் வாசலிலேயே ஏதோ தடுத்திருக்கிறது.

*("எல்லாரும் சீக்கிரமாகத்தான் போனார்கள், குளியலறைக் கதவைத் திறந்ததும் ஒரு பெண் மூக்கை மூடிக்கொண்டார்" என்று எழுதினார்.)*

நாலு மாதம் யாரும் குளிக்காத வீட்டில் குளியலறைத் தரையில் இருக்கும் வடிகால் பொறியில் நின்ற தண்ணீர் வற்றிவிடும். அந்தத் தண்ணீர்தான் சாக்கடை வாடையைத் தடுக்கும் மூடி. அது போனால் வீடு முழுக்க நாறும். தினமும் போய் வருகிற உங்களுக்கு மூக்கு பழகிப்போயிருக்கும். இரண்டு குளியலறையிலும், சலவை மூலையிலும் வாரம் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுங்கள். யாராவது வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சன்னல்களைத் திறந்துவிடுங்கள். வந்தவரிடம் "ஏன் பிடிக்கவில்லை" என்று கேட்டால் நாகரிகமாகப் பொய் சொல்வார். "கடைசியில் எந்த வீட்டை எடுத்தீர்கள்?" என்று கேளுங்கள், அதில் உண்மை இருக்கும்.

*(இரண்டு வாரம் கழித்து: "வாடை போய்விட்டது. மூன்று பேர் வந்தார்கள், பதினைந்து, இருபது நிமிடம் இருந்தார்கள். இன்னும் யாரும் கேட்கவில்லை.")*

மூன்று பேரை வைத்து எதுவும் சொல்ல முடியாது. வாடை மட்டும்தான் காரணமா, வாடகையும் சேர்ந்ததா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இன்னும் ஐந்தாறு பேர் வரட்டும்.

பெயர் போடாதவர்: இத்தனை பார்வைக்கு இத்தனை கேள்வி வர வேண்டும் என்று ஏதாவது கணக்கு உண்டா?

எல்லாருக்கும் பொருந்தும் கணக்கு என்னிடம் இல்லை. அந்தப் பார்வையில் நீங்கள் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்ததும் இருக்கலாம், அண்டை வீட்டுக்காரரின் ஆவலும் இருக்கலாம். உங்கள் போன வாரத்தோடு ஒப்பிடுங்கள். இந்த வாரம் வந்து பார்த்தவர் போன வாரம் கேட்டவர் என்பதையும் மறக்காதீர்கள்.

ஈசூன்காரர் (மூன்று வாரம் கழித்து): அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரி எழுதினேன். கேட்பவர்கள் 12 ஆகக் குறைந்துவிட்டார்கள், பயந்தே போனேன். ஆனால் 8 பேர் நேரில் வந்தார்கள். ஒரு மலேசியக் குடும்பம் ஒரு வருடத்துக்கு 3,150 கேட்கிறது. 150 வெள்ளி விட்டுக்கொடுக்கட்டுமா?

வருடத்துக்கு 1,800 வெள்ளி. உங்கள் வீடு காலியாக இருக்கும் ஒவ்வொரு நாளும் 110 வெள்ளி போகிறது. அதாவது 16 நாளுக்கு மேல் காலியாகக் கிடந்தால் நீங்கள் பிடிவாதம் பிடித்தது நட்டம். மற்ற ஏழு பேரில் யாராவது திரும்பிப் பேசினார்களா? பேசியிருந்தால் 3,230 என்று சொல்லி இரண்டு நாள் பொறுங்கள். யாரும் பேசவில்லை என்றால் இன்றைக்கே சரி என்று சொல்லிவிடுங்கள்.