சோப்பு கிருமியைக் கொல்கிறதா, கழற்றி விடுகிறதா?

கேள்வி: டாக்டர், என் மகள் 8-ஆம் வகுப்பு படிக்கிறாள், பள்ளி அறிவியல் மன்றத்தில் இருக்கிறாள். சோப்பு போட்டுக் கை கழுவினால் கிருமிகள் ஏன் போகின்றன என்று காலை வழிபாட்டுக் கூட்டத்தில் 3 நிமிடம் பேச வேண்டுமாம். "சோப்பு எல்லாக் கிருமிகளையும் கொன்றுவிடும்" என்று எழுதிக் கொடுத்தேன். சயின்ஸ் மிஸ் அதைச் சுழித்து, "இது உண்மையா என்று கேட்டுக்கொண்டு வா" என்று அனுப்பிவிட்டார். அப்படியானால் சோப்பு கொல்லாதா? தண்ணீரில் மிளகுத் தூள் தூவி, சோப்பு தடவிய விரலை வைக்கும் சோதனையைச் செய்து காட்டலாமா?
- ஒரு வாசகி, தேனி

பதில்: டீச்சர் சரியான இடத்தில்தான் சுழித்திருக்கிறார். சில கிருமிகளைச் சோப்பு உடைத்துவிடும் என்பது உண்மை. ஆனால் கை வழியாக வாய்க்குள் போய் வயிற்றைக் கெடுக்கிற கிருமிகளில் பெரும்பாலானவற்றைச் சாதாரண சோப்பு கொல்வதில்லை. தோலிலிருந்து பெயர்த்தெடுத்துத் தண்ணீரோடு அனுப்பிவிடுகிறது. உங்கள் மகளின் பேச்சு இந்த வித்தியாசத்தில் நின்றாலே போதும். எப்படிக் கழுவ வேண்டும், எவ்வளவு நேரம் தேய்க்க வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்துதான் வருகிறது.

டைபாய்டு கிருமியையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் கல்லீரலில் பித்தநீர் சுரக்கிறது. நாம் சாப்பிடுகிற எண்ணெயையும் கொழுப்பையும் நுண்துளிகளாக உடைப்பதுதான் அதன் வேலை. சோப்பு பாத்திரத்தில் செய்கிற அதே வேலையை அது குடலில் செய்கிறது. டைபாய்டு கிருமி இந்தப் பித்தநீருக்கு நன்றாகப் பழகிப்போனது. சிலருக்குக் காய்ச்சல் குணமான பிறகும் பித்தப்பைக்குள்ளேயே வருடக்கணக்கில் தங்கி, மலத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கும். நியூயார்க்கில் சமையல் வேலை பார்த்த மேரி மாலன் அப்படிப்பட்டவர்தான். பார்ப்பதற்கு ஆரோக்கியமாகவே இருந்தார். ஆனால் அவர் சமைத்த வீடுகளில் அடுத்தடுத்து டைபாய்டு வந்தது. 1907-இல்தான் காரணம் அவர் என்று கண்டுபிடித்தார்கள். கிருமி அவர் உடம்பிலிருந்து கைக்கு வந்து, கையிலிருந்து சாப்பாட்டுக்குப் போயிருந்தது. பித்தநீரிலேயே குடியிருக்கிற கிருமி, கையில் 20 விநாடி சோப்பு பட்டதும் செத்துவிடும் என்று நம்ப முடியாது. ஆனால் அந்தக் கிருமி தோலோடு பிறந்ததல்ல, வெளியிலிருந்து வந்து எண்ணெய்ப் பசையில் ஒட்டிக்கொண்டிருப்பது. அதனால் அதைக் கழற்றிவிட முடியும்.

மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ், குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கைத் தரும் ரோட்டா வைரஸ் ஆகியவையும் இப்படித்தான். அவற்றின் வெளி ஓடு புரதத்தால் ஆனது, சோப்பால் அதை உடைக்க முடியாது. கொரோனாவும் ஃப்ளூவும் வேறு ரகம். அவற்றின் மேலுறை கொழுப்பால் ஆனது. சோப்பு அந்தக் கொழுப்புக்குள் நுழைந்து உறையைக் கலைத்துவிடும், வைரஸ் செயலிழந்துவிடும். 2020-இல் "சோப்பு வைரஸைக் கொல்லும்" என்று நாம் எல்லோரும் கேட்டது இந்த ரகத்தைப் பற்றித்தான். அதை எல்லாக் கிருமிகளுக்கும் நீட்டிவிட்டோம்.

மிளகுத் தூள் சோதனை வேண்டாம் என்பது என் கருத்து. சோப்பு பட்டதும் தண்ணீரின் பரப்பு இழுவிசை அந்த இடத்தில் குறைகிறது. சுற்றியுள்ள தண்ணீர் வெளிப்பக்கமாக இழுக்கிறது, மிதக்கிற தூள் ஓரத்துக்கு ஓடுகிறது. அது நல்ல இயற்பியல் பாடம். ஆனால் பார்க்கிற குழந்தைக்கு, சோப்பு தொட்டாலே கிருமி பயந்து ஓடிவிடும் என்றுதான் மனதில் பதியும். தேய்ப்பதும் அலசுவதும் அதில் வரவே வராது.

அதற்குப் பதிலாக இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள். மூன்று பிள்ளைகளின் கையில் அரை டீஸ்பூன் தேங்காய் எண்ணெய் விட்டு, நைசாக அரைத்த பட்டைத் தூளை ஒரு சிட்டிகை தூவி, இரண்டு கைகளிலும் நன்றாகத் தேய்த்துக்கொள்ளச் சொல்லவும். (மஞ்சள் தூள் வேண்டாம். சோப்பின் காரத்தில் மஞ்சள் சிவப்பாக மாறிவிடும், எல்லோரும் நிறத்தையே பார்ப்பார்கள், கறையும் போகாது.) முதல் பிள்ளை வெறும் தண்ணீரில் 20 விநாடி கழுவட்டும். தண்ணீர் கையில் முத்து முத்தாக நின்று உருண்டு விழும், தூள் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவது பிள்ளை சோப்பைத் தொட்டு 5 விநாடியில் முடித்துக்கொள்ளட்டும். உள்ளங்கை சுத்தமாகத் தெரியும். ஆனால் பக்கத்தில் போய்ப் பாருங்கள்: நகத்தைச் சுற்றிப் பழுப்பாக ஒரு கோடு, கட்டைவிரலின் அடியில் ஒரு தீற்றல், விரல் இடுக்குகளில் திட்டுத் திட்டாகத் தூள். மூன்றாவது பிள்ளை 20 விநாடி எல்லா இடத்தையும் தேய்த்துக் கழுவட்டும். அநேகமாக எல்லாம் போயிருக்கும், மிச்சம் இருந்தால் நகக்கண்ணில் இருக்கும். கையில் காயமோ தோல் அலர்ஜியோ உள்ள பிள்ளைகளை இதற்குக் கூப்பிட வேண்டாம். தூள் பட்ட கையைக் கண்ணில் வைக்கவும் விடாதீர்கள்.

பேச்சை இப்படி அமைக்கலாம். உங்கள் மகள் தன் நடைக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

"அனைவருக்கும் வணக்கம். நான் நம் பள்ளி அறிவியல் மன்றத்தின் உறுப்பினர். இப்போது மூன்று பேர் கை கழுவியதைப் பார்த்தீர்கள். வெறும் தண்ணீரில் கழுவியவர் கையிலிருந்து தூள் ஏன் போகவில்லை? நம் தோலில் எப்போதும் மெல்லிய எண்ணெய்ப் பசை இருக்கிறது, தோலே அதைச் சுரக்கிறது. நாம் தொடுகிற இடங்களிலிருந்து வருகிற கிருமிகள் அந்தப் பசையில் ஒட்டிக்கொள்கின்றன. எண்ணெயும் தண்ணீரும் சேராது. அதனால் தண்ணீர் மேலோடு ஓடிவிடுகிறது.

சோப்பு எண்ணெயும் காரமும் சேர்ந்து உருவாவது. அதன் ஒவ்வொரு மூலக்கூறுக்கும் ஒரு தலையும் நீளமான ஒரு வாலும் உண்டு. தலைக்குத் தண்ணீர் பிடிக்கும். வாலுக்குத் தண்ணீர் ஆகாது, எண்ணெய்தான் பிடிக்கும். கையில் சோப்பைத் தேய்க்கும்போது வால்கள் எல்லாம் எண்ணெய்ப் பசைக்குள் நுழைகின்றன, தலைகள் வெளியே தண்ணீரைப் பார்த்து நிற்கின்றன. நாம் தேய்க்கத் தேய்க்க அந்தப் பசை சின்னச் சின்ன உருண்டைகளாக உடைகிறது. ஒவ்வொரு உருண்டையைச் சுற்றியும் சோப்புத் தலைகள் இருப்பதால் தண்ணீர் இப்போது அதை ஏற்றுக்கொள்கிறது. பசையோடு ஒட்டியிருந்த கிருமியும் பிடி விட்டு அதோடு போய்விடுகிறது.

கொரோனா போன்ற சில வைரஸ்களுக்குக் கொழுப்பால் ஆன மேலுறை இருக்கிறது. அதற்குள்ளும் சோப்பின் வால் நுழைந்து உடைத்துவிடும். ஆனால் டைபாய்டு கிருமியையும் மஞ்சள் காமாலை வைரஸையும் அப்படி உடைக்க முடியாது. அவை உயிரோடுதான் சாக்கடைக்குப் போகின்றன. அதனால்தான் சோப்பைத் தொட்டால் மட்டும் போதாது. கையை நனைத்து, சோப்பு போட்டு, குழாயை மூடிவிட்டுத் தேய்க்க வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரல் இடுக்கு, கட்டைவிரலைச் சுற்றி, அப்புறம் விரல் நுனிகளை மறு உள்ளங்கையில் வைத்துச் சுரண்டித் தேய்க்க வேண்டும். சோறு பிசைந்து வாயில் வைப்பது விரல் நுனிகளால்தானே! தேய்ப்பதற்கு 20 விநாடி. அதன் பிறகு நுரை போகும்வரை ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். அலசாமல் துடைத்தால், கழன்ற கிருமி கையிலேயே நிற்கும். கடைசியில் சுத்தமான துணியில் ஈரத்தைத் துடைத்துவிடுங்கள். ஈரக் கையில்தான் கிருமிகள் எளிதாக ஏறிக்கொள்ளும், எளிதாக இறங்கவும் செய்யும். நன்றி."

நிதானமாகப் பேசினால் ஏறக்குறைய 3 நிமிடம் வரும்.

பேச்சு முடிந்ததும் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். சில பதில்களை அவள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. "எங்கள் பள்ளி போர் தண்ணீரில் நுரையே வராதே?" என்று யாராவது கேட்கலாம். அந்த உப்புத் தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் படிவாகத் திரிந்துவிடுகின்றன. அப்படித் திரிந்த சோப்பு எண்ணெயைப் பிடிக்காது. கொஞ்சம் கூடுதலாகச் சோப்பு போட்டு, கை வழுவழுப்பாகும்வரை தேய்க்க வேண்டும். திரவ ஹேண்ட்வாஷில் பெரும்பாலும் வேறு வகைச் சேர்மம் இருப்பதால் அது இந்தத் தண்ணீரில் அவ்வளவாகத் திரியாது. சுடுதண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், தேவையில்லை, குழாய்த் தண்ணீரே போதும்.

கிருமிநாசினி சேர்த்த சோப்புதான் வாங்க வேண்டுமா என்ற கேள்வியும் கட்டாயம் வரும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல் ட்ரைக்ளோசான் உட்பட 19 கிருமிநாசினிப் பொருட்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்க்கத் தடை விதித்தது. சாதாரண சோப்பை விட அவை அதிகப் பலன் தருகின்றன என்பதற்கோ, நெடுநாள் உபயோகத்தில் பாதுகாப்பானவை என்பதற்கோ நிறுவனங்கள் போதிய ஆதாரம் காட்டவில்லை. கழற்றுவதுதான் வேலை என்றால் அதற்குச் சாதாரண சோப்பே போதும்.

சானிடைசர் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. அது கொல்லும், கழற்றாது. 60 சதவீதத்துக்குக் குறையாமல் ஆல்கஹால் இருந்தால் டைபாய்டு கிருமியையும் கொரோனாவையும் நன்றாகவே அழிக்கும். ஆனால் ஹெபடைடிஸ் ஏ போன்ற புரத ஓட்டு வைரஸ்களிடம் அதன் வலிமை குறைவு, நகத்தடியில் இருக்கிற புழு முட்டைகளையும் அது அகற்றாது. மண்ணும் எண்ணெயும் அப்பிய கையில் ஆல்கஹால் கிருமியைச் சரியாக எட்டுவதே இல்லை. பஸ்ஸில் போகும்போது அது உதவும். விளையாடிவிட்டு வந்த பிறகும், கழிவறைக்குப் போய்வந்த பிறகும், மதியச் சாப்பாட்டுக்கு உட்காரும் முன்பும் சோப்பும் தண்ணீரும்தான் வேண்டும்.