சான்றுரைக்கு 25,000 ரூபாயா?

கேள்வி: ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் ஐ.டி. பிரிவில் ஆறரை ஆண்டுகளாக வேலை செய்கிறேன். படிப்பு பி.இ. கணினி அறிவியல். முதல் மூன்று ஆண்டுகள் பிரிண்டர், புதிய கணினி பொருத்துவது. பிறகு ஃபயர்வால், ஊழியர்களின் லாகின் கணக்குகள். சி.ஐ.எஸ்.எஸ்.பி. என்ற தகவல் பாதுகாப்புச் சான்றிதழுக்கான தேர்வில் தேறினாலும், அதை நடத்தும் அமைப்பின் சான்றிதழ் உள்ள ஒருவரின் சான்றுரை வேண்டுமாம். 25,000 ரூபாய்க்கு ஆள் பிடித்துத் தருவதாக ஒரு பயிற்சி மையம் சொல்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். தெரிந்தவர் யாரும் இல்லாவிட்டால், தேர்வை நடத்தும் ஐ.எஸ்.சி.2 அமைப்பே உங்களுக்குச் சான்றுரை வழங்கும். விண்ணப்பத்தில் அதைத் தேர்ந்தெடுத்தால் போதும், தனிக் கட்டணம் கிடையாது. சான்றுரை என்பது வெறும் கையெழுத்தும் அல்ல. 'இவருடைய அனுபவம் நான் அறிந்தவரை உண்மை' என்று ஒருவர் பொறுப்பேற்பது. முகம் தெரியாதவர் காசுக்காக அப்படி எழுதினால், மாட்டிக்கொள்ளும்போது இருவர் சான்றிதழுக்கும் ஆபத்து.

உங்கள் உண்மையான சிக்கல் வேறு. அந்த மையம் அதைப் பற்றி வாய் திறந்ததா?

சான்றிதழ் கிடைக்க, தேர்வின் எட்டுப் பாடப் பிரிவுகளில் குறைந்தது இரண்டில், மொத்தம் 5 ஆண்டு சம்பள அனுபவம் வேண்டும். பிரிண்டர் காலம் இதில் சேராது. ஃபயர்வால் நெட்வொர்க் பாதுகாப்பிலும், லாகின் கணக்குகள் அணுகல் மேலாண்மையிலும் அடங்கும். ஆக இரண்டு பிரிவுகள் இருக்கின்றன, ஆனால் கணக்கில் வருவது மூன்றரை ஆண்டுதான். ஒரே காலத்தில் இரண்டையும் செய்ததால் அது ஏழாகிவிடாது. பி.இ. பட்டத்துக்கு ஓராண்டு கழியும். இன்னொரு சான்றிதழையும் காட்டினால் இன்னும் ஓராண்டு கழியும் என்று சிலர் நம்புகிறார்கள். சலுகை ஒரே ஒரு முறைதான். இப்போதைக்கு உங்களுக்கு ஆறு மாதம் குறைகிறது.

தேர்ச்சி பெற்ற நாளிலிருந்து 9 மாதத்துக்குள் சான்றுரை விண்ணப்பம் முடிய வேண்டும். இன்றே எழுதித் தேறினாலும் ஆறு மாதம் பொறுத்து விண்ணப்பிக்க இடமிருக்கிறது. ஆனால் அதை இழுக்காமல் இருக்க, மூன்று மாதம் கழித்துத் தேர்வு எழுதுவது நிம்மதி. வேலை நடுவில் போய்விட்டாலும் தேர்ச்சி வீணாகாது. 'அசோசியேட்' ஆகப் பதிந்து, 6 ஆண்டுக்குள் அனுபவத்தை நிரப்பலாம்.

அதற்குள் மேலாளரிடம் கடிதம் வாங்கிவிடுங்கள். 'அனைத்து ஐ.டி. பணிகளையும் கவனித்தார்' என்றிருந்தால் உதவாது. ஃபயர்வால் விதிகளை மாற்றியது, வேலையை விட்டவரின் கணக்கை முடக்கியது என்று வேலையைச் சொல்ல வேண்டும். தொடங்கிய மாதமும் ஆண்டும் வேண்டும். விண்ணப்பங்களில் சிலவற்றைத் தணிக்கைக்கு எடுப்பார்கள். அப்போது கேட்பது இந்தக் காகிதத்தைத்தான்.

செலவு என்று பார்த்தால் தேர்வுக்கு 749 டாலர், சான்றிதழ் கிடைத்த பிறகு ஆண்டுக்கு 135 டாலர். மையம் கேட்கும் 25,000 இவற்றில் எதிலும் கழியாது.