மூன்று பேர் போனதற்காக இழப்பீட்டில் 20% கழிக்கலாமா?

"பைக்கில் மூன்று பேர், நான் கடைசியில். பின்னால் வந்த கார் இடித்தது. தீர்ப்பாயம் 8 லட்சத்தில் 20% கழித்துவிட்டது. சரியா?"

அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் கழித்திருந்தால் சரியில்லை. மூன்று பேர் போனது சட்டமீறல்தான். ஆனால் அது விபத்துக்கோ காயம் அதிகமானதற்கோ காரணமானதாகச் சாட்சியம் வேண்டும். முகமது சித்திக் வழக்கில் (2020) உச்ச நீதிமன்றம் இப்படிச் சொல்லித்தான் 10% கழிவை நீக்கியது. அதிலும் பின்னால் வந்த கார்தான் இடித்தது.

பெரும்பாலும் "மூவர் சென்றதால் நிலைதடுமாறியிருக்கலாம்" என்ற ஊகத்தில்தான் கழிப்பார்கள். தீர்ப்பில் அந்தப் பத்தியைத் தேடுங்கள். அப்புறம் போலீஸ் வரைபடத்தையும் மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கையையும் பாருங்கள். பைக்கின் பின்பக்கம் நசுங்கி, கார் ஓட்டுநர் மேல் மட்டும் குற்றப்பத்திரிகை இருந்தால் உங்கள் பக்கம் வலுவானது.

உங்களுக்குக் கழிக்கப்பட்டது 1.6 லட்சம். அதற்காக உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம், தீர்ப்பு தேதியிலிருந்து 90 நாளுக்குள்.

ஒன்று மட்டும் கவனம்: பைக் தள்ளாடி கார் முன்னால் வந்ததாக நேரில் பார்த்தவர் யாராவது சாட்சி சொல்லியிருந்தால், கழிவு நிலைக்க வாய்ப்புண்டு.