93 வெற்றி: திறமையா, அதிர்ஷ்டமா?

“2012ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் பேஸ்பால் அணி 162 ஆட்டத்தில் 93 ஜெயித்தது. எடுத்த ரன் 712, கொடுத்தது 705. இது நிஜமாகவே நல்ல அணியா?”

சுமாரான அணிதாங்க. எடுத்த ரன்னையும் கொடுத்த ரன்னையும் வைத்து ஓர் அணியின் வெற்றி விகிதத்தைக் கணிக்க, பேஸ்பால் புள்ளிவிவர ஆய்வாளர் பில் ஜேம்ஸ் தந்த சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள்:

```
712² / (712² + 705²) = 0.505
```

இதை 162ஆல் பெருக்கினால் 82 வெற்றிதான் வரும். மிச்சம் 11 எங்கிருந்து வந்தது? ஒரே ரன் வித்தியாசத்தில் முடிந்த ஆட்டங்களில் அவர்கள் 29 வென்று 9 மட்டுமே தோற்றார்கள். நல்ல அணிகள்கூட இவ்வகை ஆட்டங்களில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டும். கடைசி இன்னிங்ஸ் பந்துவீச்சாளர்கள் வலுவாக இருந்தால் ஓரிரு வெற்றி கூடும் என்பதை ஒப்புக்கொள்கிறேன், பதினொன்று கூடாது. மறு ஆண்டே அதே மாதிரி நெருக்கமான ஆட்டங்களில் 20 வெற்றி, 31 தோல்வி. மொத்த வெற்றியும் 85க்கு இறங்கியது.

ஒன்று, சீசன் தொடங்கி இருபது ஆட்டத்துக்குள் இந்தக் கணக்கைப் போடாதீர்கள். ஒரே ஒரு 15-1 வெற்றி எல்லாவற்றையும் குழப்பிவிடும்.