பெரிய பழத்தைப் பொறுக்காதீர்கள், கனத்த பழத்தைப் பொறுக்குங்கள்

கேள்வி: என் தோட்டத்தில் ஐந்து வயதுச் சாத்துக்குடி 80 மரங்களும், வேலியோரம் மூன்று பம்பளிமாஸ் மரங்களும் உள்ளன. பெரிய பழமாகப் பார்த்துக் கொடுத்தாலும் "தோல்தான் இருக்கிறது, உள்ளே சக்கை" என்கிறார்கள். என் மனைவி சாலையோரத்தில் சுளை உரித்துக் கப்பில் விற்கிறார். சுளை கிழிகிறது, மாலைக்குள் கசந்துவிடுகிறது. தோல் மெலிய மருந்துக்கடைக்காரர் ஒரு டானிக் கொடுத்திருக்கிறார். தெளிக்கலாமா?

பதில்: தெளிக்க வேண்டாம். தடித்துவிட்ட தோலை எந்த டானிக்கும் மெலிய வைக்காது. அதே கடையில்தான் காய் பெருக்க யூரியாவும் வாங்கியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். தோலைத் தடிக்க வைக்கும் சரக்கையும் அதற்கு மாற்று என்று இன்னொன்றையும் விற்பவரிடம் பயிர் ஆலோசனை கேட்காதீர்கள், தம்பி.

பெரிய பழமாகப் பார்த்துக் கொடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோளாறு அங்கேதான் இருக்கிறது. சாத்துக்குடியில் சக்கை பிடிப்பது பெரும்பாலும் பெரிய பழத்தில்தான். இளம் மரத்துப் பழம், மரத்திலேயே நாள் கடந்து நின்ற பழம் என்றால் இன்னும் அதிகம். சுளைக்குள் இருக்கும் சாற்றுப் பைகள் இறுகி, வெளுத்து, சாறில்லாமல் போகின்றன. வெளியே பார்த்தால் தெரியாது; கையில் எடுத்தால் தெரியும். 7 செ.மீ. குறுக்களவுள்ள ஒரு வளையம் செய்துகொள்ளுங்கள். அதில் சரியாக நுழையும் பழங்களை மட்டும் தராசில் வையுங்கள். நல்ல பழம் 170 கிராமை ஒட்டி நிற்கும். அதே அளவில் 140 கிராம் நிற்கும் ஒன்றை எடுத்து, காம்புக்கு ஒரு விரல் கீழே குறுக்கே வெட்டிப் பாருங்கள். சக்கை காம்புப் பக்கத்தில்தான் தொடங்கும். பத்துப் பழம் இப்படிப் பார்த்துவிட்டால் பிறகு தராசு வேண்டாம், கையே சொல்லிவிடும். மினுமினுப்பான நுண்துளைத் தோல் என்றால் மெல்லியது. கரடுமுரடாக மேடு பள்ளம் தெரிந்தால் தடித்தது. நிறத்தை நம்ப வேண்டாம். நம் வெயிலில் சாத்துக்குடி பச்சையாகவே பழுக்கும். பறித்த பிறகு அதில் இனிப்பு ஏறாது என்பதால், மஞ்சளாக்கி விற்பவர் நிறத்தை மட்டுமே மாற்றுகிறார்.

கமலா ஆரஞ்சு வாங்கி விற்பதானால், தோல் உள்ளே ஒட்டாமல் உப்பி நிற்பதை ஒதுக்குங்கள். அது மரத்தில் அளவுக்கு மீறி நின்ற பழம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி, தோல் ஏன் தடித்தது என்பது. ஐந்து வயது மரத்தின் பழத்துக்கு இயல்பாகவே தோல் தடிமன் அதிகம், வயது ஏற ஏறக் குறையும். ஜம்பேரி வேர்ச்செடியில் ஒட்டியதானால் இன்னும் கூடுதல். அவை உங்கள் கையில் இல்லை. யூரியா உங்கள் கையில் இருக்கிறது. காய் பருக்கும் காலத்தில் தழைச்சத்தை அள்ளிப் போட்டால் மரம் கொழுந்துவிடும், தோலும் தடிக்கும், சாறு நீர்த்துப்போகும். மணிச்சத்துக் குறைவிலும் தோல் தடித்துப் பழத்தின் நடு கூடாகும். எனவே மண் பரிசோதனை செய்து அதன்படி உரமிடுங்கள். காய் பிடித்த பிறகு யூரியாவைத் தொடாதீர்கள். பழம் முதிரும் நேரத்தில் அளவுக்கு மிஞ்சித் தண்ணீரும் கட்டாதீர்கள். நான் சொல்வதில் எது மறந்தாலும் இது மறக்கக் கூடாது.

இனி உரிக்கும் வேலை. சாத்துக்குடித் தோல் சுளையோடு ஒட்டியிருப்பதால் நகத்தால் கீறினால் கிழியும். கொதிக்கும் நீரை அடுப்பிலிருந்து இறக்கி, பழத்தை முழுதாக நான்கைந்து நிமிடம் போட்டு எடுங்கள். ஆறியதும் இரு முனைகளையும் சுளை லேசாகத் தெரியும்வரை சீவி, மேலிருந்து கீழாகத் தோலை மட்டும் கீறி உரித்தால் வெள்ளை நாரும் கூடவே வந்துவிடும். பிறகு கட்டைவிரலை நடுத்தண்டில் நுழைத்து இரண்டாகப் பிளந்து, சுளைகளை ஒவ்வொன்றாகப் பிரியுங்கள். மாலைக் கசப்புக்குக் காரணம் கிழிந்த சுளையின் சாறு. வழிந்து நிற்கும் சாறு நேரம் ஆக ஆகக் கசக்கும். காலையில் உரித்து வைக்காமல், வாடிக்கையாளர் வந்தபின் உரிக்கச் சொல்லுங்கள்.

பம்பளிமாஸில் கசப்பு வேறு இடத்தில் இருக்கிறது: தோலுக்கு அடியிலுள்ள வெள்ளைச் சதையிலும் சுளைத்தோலிலும். காம்புப் பக்கம் கழுத்துபோல் நீண்டதை விட்டு, அடி அகன்று கனத்ததை எடுங்கள். பறித்து ஒரு வாரம் நிழலில் வைத்தால் தோல் சற்றுத் தளரும். காம்பு முனையைத் தொப்பிபோல் சீவிவிட்டு, ஆறு இடங்களில் மேலிருந்து கீழாக வெள்ளைச் சதை வரை மட்டும் கீறி, இதழ் இதழாக இழுங்கள். பழத்தைப் பிளந்தபின், சுளையின் உள்விளிம்பை, அதாவது நடுத்தண்டைத் தொட்டிருந்த மெல்லிய ஓரத்தை, கத்தி நுனியால் நீளவாக்கில் திறங்கள். சுளைத்தோலை இருபுறமும் விரித்து மடக்கினால் முத்துகள் கட்டியாக, கை நனையாமல் கழன்று வரும். முதுகுப் பக்கத்திலிருந்து திறந்தால் முத்துகள் உதிர்ந்துபோகும்.